கடக லக்னம், நாலரை முதல் ஆறு வரை

முகூர்த்தம் குறித்து வந்த அன்றே சந்திரமதி சொல்லிவிட்டாள், இது சுலபத்தில் ஆகிற காரியமில்லை என்று. ஆவணி மாதம், வியாழக்கிழமை, கடக லக்னம், விடியற்காலை நாலரையிலிருந்து ஆறுக்குள் தாலி ஏற வேண்டும். சிங்கப்பூரில் ஆறு மணிக்கும் இருட்டுத்தான். சூரியன் ஏழுக்குத்தான் தலை காட்டும்.

"முதல் ட்ரெயின்ல ஏறுனாக்கூட லிட்டில் இந்தியாவுல வந்து இறங்க ஆறாயிடும் அத்தான். கார் இல்லாதவங்க எப்படி வருவாங்க?" என்று கேட்டாள்.

அத்தான் என்றால் அக்காள் கணவர் மருதப்பன். அக்காள் போய் ஆறு வருடமாகிறது. மணப்பெண் திவ்யதர்ஷினி அவர்களுடைய ஒரே மகள்.

"எல்லாரும் வந்துடுவாங்க லா. வேலைக்குப் போறவங்களுக்கும் வசதி. தாலி கட்டுறதப் பாத்துட்டு, பசியாறிட்டு, நேரா ஆபீஸ் போயிடலாம். லீவு கூடப் போட வேணாம்" என்றார் மருதப்பன், அது தன்னுடைய யோசனை மாதிரி.

உண்மையில் அது யாருடைய யோசனையும் இல்லை. அந்த வருடம் வார இறுதி முகூர்த்தங்களுக்கெல்லாம் மண்டபங்கள் போய்விட்டன. சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்து தள்ளியிருந்த கோயில் மண்டபத்தில் இந்த வியாழக்கிழமைதான் கிடைத்தது. அதுவும் முழு நாளாக இல்லை. ஒன்பது மணிக்கு அதே மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். ஏழே முக்காலுக்கு இவர்கள் காலி செய்துவிட வேண்டும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் என்பதால் காலை ஏழுக்கு முன்னால் மேளச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. மாடி மண்டபத்தின் கதவுகளைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்குக் கையெழுத்துப் போட்டவள் சந்திரமதி.

சாங்கியில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் நிறுவனத்தில் அவள் ஷிப்ட் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருடம். ஒரு தட்டு தாமதமானால் ஒரு விமானம் தாமதமாகும் என்பது அங்கே பாடம். அதனால்தான், மேடையில் உட்கார்ந்து தாரை வார்க்க மருதப்பனின் தம்பியும் அவர் மனைவியும் என்று முடிவானபோது, "நேரம், வண்டி, சாப்பாடு எல்லாம் மதி பாத்துக்குவா, அவளுக்குத்தான் அது வரும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சந்திரமதி எட்மண்டை மாதாகோவிலில் வைத்துக் கட்டிக்கொண்டவள். மேடைக்கு அவளைக் கூப்பிடாததற்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. வேலையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேருந்து பேசினாள். ஒன்று கிளமெண்டியிலிருந்து, ஒன்று செங்காங்கிலிருந்து. மூன்றே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று வாட்சப்பில் அனுப்பினாள். பதிலுக்குக் கட்டை விரல்கள் வந்தன. சிலர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் பதினோரு பேர் கேட்டார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குத் திலீப்பைப் பிடித்தாள். இட்லி, வெண்பொங்கல், வடை, கேசரி, சாம்பார், இரண்டு சட்னி, காப்பி. திலீப் முதலிலேயே சொல்லிவிட்டான். "சமைச்ச நேரத்த டப்பா மேல ஒட்டிடுவேன் அக்கா. நாலு மணி நேரம்தான் கணக்கு. மூணரைக்கு அடுப்ப விட்டு எறக்குனா ஏழரைக்கு மூடிடுவேன். அதுக்கு மேல ஒரு இட்லி கேட்டாலும் தரமாட்டேன், லைசென்ஸ் போயிடும்."

அது சந்திரமதிக்குப் பிடித்தது. அந்தக் கல்யாணத்தில் அவள் பேசிய பேச்சைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் திலீப். இன்னொருவர் கிளமெண்டிப் பேருந்தின் ஓட்டுநர் அப்துல் மஜீது.

புரிந்துகொள்ளாதவர்களில் முதல் ஆள் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை நிதீஷுக்கு ஒரே அக்காள், வர்ஷா. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார் என்ற முறையில் மூன்றாவது முடிச்சு அவள்தான் போட வேண்டும். கூறைப் புடவையும் அவளிடம்தான் இருந்தது. ரவிக்கையை அங்கே தெரிந்த தையற்காரியிடம் கொடுத்திருந்தாள்.

"சம்பந்தி, வார நாள்ல காலைல நாலு மணிக்குப் பாலத்துல எவ்வளவு கூட்டம்னு உங்களுக்குத் தெரியும். இங்க வேலைக்கு வர்றவங்க எல்லாம் அந்நேரத்துக்குத்தான் வருவாங்க. வர்ஷாவ முந்தின நாளே வந்து தங்கச் சொல்லுங்க" என்று சந்திரமதி மூன்று முறை சொன்னாள்.

"அவ பழகுனவ லா. அவ வீட்டுக்காரருக்கு எல்லாக் குறுக்கு வழியும் தெரியும்" என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது.

பாலத்துக்கு ஏது குறுக்கு வழி என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பெண் வீட்டுக்காரி.

கல்யாணத்தன்று இரண்டு மணிக்கு மண்டபத்தைத் திறந்தார்கள். பஃபளோ சாலைக் கடையிலிருந்து முந்தின நாள் மாலையே வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த மாலைகளை எட்மண்ட் தூக்கிக்கொண்டு வந்தார். திவ்யாவுக்கு வீட்டிலேயே பன்னிரண்டரைக்கு ஒப்பனை தொடங்கி, மூன்றுக்கு அழைத்து வந்தாயிற்று. மூன்றேகாலுக்குக் குருக்கள் வந்து ஓமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கினார். எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. சந்திரமதி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மூன்று முப்பத்தெட்டுக்கு வர்ஷாவின் செய்தி வந்தது. "அத்தை, ஜாம். சுங்கச் சாவடிக்கு முன்னாடி நிக்கிறோம். அரை மணி நேரமா நகரல."

சந்திரமதி அந்த இடத்திலேயே நின்றாள். கோபம் வரவில்லை. சொன்னது பலித்ததில் எந்தச் சந்தோஷமும் வரவில்லை. உடனே கூப்பிட்டாள்.

"வர்ஷா, புடவை யார்கிட்ட?"

"என் மடியில."

"பாஸ்போர்ட்டு?"

"கைல இருக்கு. ஏன்?"

"நீ மட்டும் புடவையத் தூக்கிட்டு இறங்கு. உங்க வீட்டுக்காரர் கார்ல மெதுவா வரட்டும். நடந்து இமிகிரேஷன் கட்டடத்துக்குப் போ. அந்தப் பக்கம் முத்திரை வாங்கிட்டு, பஸ்ஸுக்கு வரிசை நீளமா இருந்தா நிக்காத. எல்லாரும் நடப்பாங்க, நீயும் அவங்களோட பாலத்துல நட. இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ்ல என் வீட்டுக்காரர் நிப்பார்."

"அத்தை, நான் பட்டுப் புடவை கட்டிருக்கேன். ஹீல்ஸ் வேற."

"ஹீல்ஸக் கழட்டிக் கார்ல போடும்மா."

எட்மண்ட் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டிருந்தார். "நீ இங்க பாத்துக்க மதி. அப்பா கிளமெண்டி பஸ்ல வர்றார், இறக்கும்போது பக்கத்துல இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி மேடைக்குப் போனதும் மாப்பிள்ளையின் அம்மா அழத் தொடங்கினார். மருதப்பன் சந்திரமதியிடம் வந்தார்.

"என்ன மதி இது? டைமிங் எல்லாம் நீதானே பாத்த?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்று முறை சொன்னதையும் வாட்சப்பில் எழுதியதையும் சொல்லத்தான் போனாள். கீழே ஒரு பேருந்தின் பிரேக் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாலேகால். சொன்ன நேரத்துக்குச் சரியாக அப்துல் மஜீது வந்து நின்றார். முப்பத்தெட்டுப் பேர். தூக்கமும் பட்டும் மல்லிகையுமாக இறங்கினார்கள். கடைசியாகச் சக்கர நாற்காலியில் எட்மண்டின் அப்பா இருதயராஜ். எண்பத்திரண்டு வயது. "வேண்டாம் மாமா, இந்நேரத்துக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லியும் கேட்காமல், வெள்ளைச் சட்டையின் மேல் பித்தான் வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏழரைக்கு எனக்கு ஃபேக்டரி டிரிப் இருக்கு. ஆறே முக்காலுக்கு இங்கருந்து எடுத்தாகணும். உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார் அப்துல் மஜீது.

"சொல்லிருக்கேன் அண்ணே. கேப்பாங்களான்னுதான் தெரியல."

பத்து நிமிடத்தில் செங்காங் பேருந்தும் வந்தது. காரில் வந்தவர்களையும் சேர்த்து நாலரைக்கு மாடியில் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விடியலுக்கு முன்னால் வர மாட்டார்கள் என்று எல்லோரும் பயந்த கூட்டம், அவள் சொன்னபடி வந்துவிட்டது. ஆனால் மேடையில் பார்க்க ஒன்றுமில்லை. குருக்கள் பிள்ளையார் பூசையை முடித்து, காப்புக் கட்டி, மாப்பிள்ளையை உட்கார வைத்து, மந்திரங்களை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வேற புதுப் புடவை ஒண்ண மஞ்சள் வச்சுக் கொடுத்துடலாமா சாமி?" என்று சந்திரமதி மெதுவாகக் கேட்டாள்.

"தாராளமா வைக்கலாம். சாஸ்திரத்துல தடையில்ல. அஞ்சு அம்பதுக்குள்ள எனக்குக் கழுத்து வேணும், அவ்வளவுதான்" என்றார் குருக்கள்.

"என் பொண்ணு வராம தாலி கட்டக் கூடாது" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐந்து மணி ஆவதற்குள் கூட்டம் நெளியத் தொடங்கியது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர்கள், மூன்றுக்கு எழுந்தவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஒரு பெரியம்மா ஊசி போட்டுவிட்டேன், இனிமேல் சாப்பிடாமல் இருக்க முடியாது என்று வந்து நின்றார். கீழே திலீப்பின் டப்பாக்களில் மூன்றரை என்று ஒட்டியிருந்தது. தாலி கட்டி முடிந்து ஆறு மணிக்குமேல் பந்தி தொடங்கினால், இந்த நூற்றிருபது பேரும், முதல் ரயிலில் வரப்போகிற நூறு பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது நாற்காலிதான். ஏழரைக்குள் எல்லோரும் சாப்பிட முடியாது. அப்துல் மஜீதின் பேருந்தில் போகிறவர்கள் சாப்பிடாமலே போவார்கள்.

"அத்தான், பந்தியத் திறந்துடறேன்."

மருதப்பன் அதிர்ந்து போனார். "தாலி ஏறாம பந்தியா? என்ன பேசுற நீ? மாப்ள வீட்ல என்ன நினைப்பாங்க?"

"அவங்க பொண்ணுக்காகத்தான் எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க."

"முடியாது மதி. அக்கா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?"

அவள் கீழே இறங்கி, "இலையப் போடு திலீப்" என்றாள்.

பசியாறக் கூப்பிட்டதும் மாடி காலியானது. வயதானவர்கள் மின்தூக்கியில், மற்றவர்கள் படியில். முதல் எண்பது பேர் உட்கார்ந்தார்கள். பொங்கலின் நெய் வாசம் கூடம் முழுக்கப் பரவியது. மூன்று மாதமாக முகூர்த்தத்தைத் திட்டியவர்கள் கூட, "நல்ல ஏற்பாடு மதி, வந்தவுடனே சூடா சாப்பாடு" என்றார்கள். இருதயராஜ் மாமாவுக்கு அவளே இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துக் கொடுத்தாள். அவர் மெல்ல மெல்லத்தான் சாப்பிடுவார்.

ஐந்து எட்டுக்கு எட்மண்ட் கூப்பிட்டார். "ஏறிட்டா. காலெல்லாம் கொப்புளம். கிளம்பிட்டோம்." சந்திரமதி மனத்துக்குள் சாலையை ஓட்டிப் பார்த்தாள். இந்நேரத்துக்கு வழி காலியாக இருக்கும். அரை மணி.

ஐந்து முப்பத்தேழுக்குக் கார் வாசலில் நின்றது. வர்ஷா வெறுங்காலோடு, கூறைப் புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி ஓடினாள். அவள் பின்னாலேயே திவ்யா புடவை மாற்றும் அறைக்குப் போனாள். பெண்கள் நான்கு பேர் சேர்ந்து சுற்றினால் பத்து நிமிடம்.

பத்து நிமிடம்தான் சந்திரமதிக்கும் இருந்தது. கூடத்துக்குள் ஓடி வந்து சத்தமாகச் சொன்னாள். "எல்லாரும் மேல வாங்க. இப்ப தாலி கட்டப் போறாங்க. இலை அப்படியே இருக்கட்டும், வந்து சாப்பிட்டுக்கலாம்."

சிலர் எழுந்தார்கள். சிலர் கையைக் கழுவப் போனார்கள், அங்கே ஒரு வரிசை நின்றது. சிலர் "இதோ, காப்பிய மட்டும்" என்றார்கள். அவள் மேசை மேசையாகப் போனாள். தோளைத் தொட்டாள், கெஞ்சினாள், ஒருவர் கையிலிருந்து காப்பிக் கோப்பையை வாங்கியே வைத்தாள். மண்டபத்துக்கு ஒரே மின்தூக்கி. ஆறு பேர் ஏறலாம். ஏற்றி அனுப்பி, அது திரும்பி வரும்வரை நின்று, மறுபடியும் ஏற்றி அனுப்பினாள். எட்மண்ட் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனவர் இன்னும் வரவில்லை.

கடைசியில் கூடத்தில் மிஞ்சியது இருதயராஜ் மாமா. வாயில் ஒரு கவளம் இட்லி. மணி ஐந்து நாற்பத்தொன்பது.

"நீ போம்மா. படியில ஓடு. என்ன விடு" என்றார் அவர்.

அவரை அங்கே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓட நினைத்து ஒரு அடியும் எடுத்து வைத்தாள். ஆனால் இந்தக் கிழவர் இரண்டரை மணிக்கு எழுந்து, குளித்து, மகனில்லாமல் தனியாகப் பேருந்தில் வந்தது அந்தத் தாலி கட்டுவதைப் பார்க்கத்தான். அவளுடைய அக்காள் மகளின் கல்யாணம் என்பதற்காகத்தான். அவர் வாயைத் துடைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கிக்குப் போனாள். அது மேலே இருந்தது. பொத்தானை அழுத்தினாள். யாரோ மேலே கதவைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. வரவே இல்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள்.

கெட்டிமேளம் கேட்டால் தெரிந்துவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் இருக்கிறது, இன்னும் கட்டவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மின்தூக்கி வந்தது, ஏறினார்கள், மேலே திறந்தது. மண்டபத்தின் கனத்த கதவு சாத்தியிருந்தது. அதைத் தோளால் தள்ளித் திறந்தபோதுதான் சத்தம் அவள் மேல் மோதியது. நாகசுரமும் தவிலும் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அட்சதை எல்லாம் தரையில் கிடந்தது. வர்ஷா மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தாள். திவ்யாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்று இருதயராஜ் மாமா கேட்டார்.

"முடிஞ்சிருச்சு மாமா."

கதவைச் சாத்த வேண்டும் என்று கையெழுத்துப் போட்டது அவள்தான். பந்தியைத் திறந்ததும் அவள்தான். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரையும் திட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

மெட்டி போட்டு முடித்ததும், அருந்ததி பார்க்கக் குருக்கள் மணமக்களை மாடி வராந்தாவுக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் திவ்யா நின்றாள். கூட்டத்தில் கையை நீட்டிச் சந்திரமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அப்படியே இழுத்துக்கொண்டு போனாள்.

வெளியே இன்னும் இருட்டு. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் வானம் வரைக்கும் ஏறியிருந்தது. குருக்கள் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே விரலை நீட்டினார். "அதோ, அருந்ததி. தெரியுதா?"

"தெரியுது" என்றான் நிதீஷ்.

"தெரியுது" என்றாள் வர்ஷா, கொப்புளக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.

"எனக்குத் தெரியல சாமி" என்றாள் சந்திரமதி.

குருக்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார். திவ்யா பார்க்கவில்லை. அவள் வானத்தையும் பார்க்கவில்லை. கட்டடத்தின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, தாலி கட்டும்போது எங்க இருந்தீங்க? நான் தலையத் தூக்கித் தேடுனேன். எல்லாரும் குனிங்க குனிங்கன்னாங்க."

"லிஃப்டுக்கு நின்னுட்டிருந்தேன்டா."

"நான் உங்களக் கேட்டரிங் பாக்கச் சொன்னேனா? யாராவது கேட்டாங்களா என்கிட்ட? அம்மாதான் இல்ல. நீங்களாச்சும் எனக்கு எதிர்ல நின்னிருக்கக் கூடாதா?"

அந்த நேரம் பார்த்து மருதப்பன் வராந்தாவுக்கு வந்தார். வீடியோக்காரர் எடுத்ததைச் சின்னத் திரையில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பின்னாடி நாற்காலியெல்லாம் காலி மதி. நூத்தியிருபது பேர வரவச்சு, தாலி கட்டும்போது பாதிப்பேர் படியில. அதான் பந்தி வேணாம்னு சொன்னேன்."

சந்திரமதி திரும்பினாள். மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார். இப்போது அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"நீங்க சொன்னீங்க அத்தான். நானும் சொன்னேன், வர்ஷா முந்தின நாளே வரணும்னு மூணு தடவ. யாரும் கேக்கல. ஒரு பொண்ணு செருப்பில்லாம பாலத்துல நடந்து வந்திருக்கா. சர்க்கரைக்காரங்க யாரும் மயக்கம் போட்டு விழல. எட்டு நிமிஷம் மிச்சம் வச்சுத் தாலி ஏறிச்சு. காலி நாற்காலி உங்க கண்ணுக்குத் தெரியுது. நான் அங்க இல்லைங்கறது இந்தப் புள்ளையத் தவிர ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

மாப்பிள்ளையின் அம்மா, "நான்தான் சம்பந்தி அவள வரச் சொல்லிருக்கணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அது மன்னிப்பா, வருத்தமா என்று கேட்க நேரமில்லை. சந்திரமதியின் கைப்பேசி அடித்தது. கீழே கூட்டம் வந்துவிட்டது என்றான் திலீப்.

முதல் ரயிலில் வந்தவர்கள்தான். அலுவலகச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். "முடிஞ்சிருச்சு, போய் சாப்பிடுங்க" என்று அவள் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். முதல் பந்தி முன்னாலேயே பாதி முடிந்திருந்ததால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. ஆறே முக்காலுக்கு அப்துல் மஜீது ஒலிப்பானை அடிக்காமல், உள்ளே வந்து வாசலில் நின்றார். அதற்கு ஒலிப்பானைவிடப் பலன் இருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தைந்து பேர் ஏறினார்கள். இருவர் தாங்களே போய்க்கொள்வதாகச் சொன்னார்கள். இருதயராஜ் மாமாவை எட்மண்ட் காரிலேயே அழைத்துப் போவதாக முடிவாயிற்று.

ஏழரைக்குத் திலீப் சொன்னபடி டப்பாக்களை மூடினான். சரியாக அந்த நேரத்துக்கு மருதப்பனின் முன்னாள் முதலாளி குடும்பத்தோடு வந்து இறங்கினார். மருதப்பன் திலீப்பிடம் ஓடினார். திலீப் ஒட்டியிருந்த தாளைக் காட்டித் தலையாட்டினான். மருதப்பன் சந்திரமதியைத் தேடினார். சந்திரமதி அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதலாளியைப் பக்கத்துக் காப்பிக் கடைக்கு அவரே அழைத்துப் போனார்.

மணி ஏழு முப்பத்தாறு. அப்போதுதான் தானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது சந்திரமதிக்கு நினைவு வந்தது. காலிக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த கல்யாணத்துக்காரர்கள் வாழை மரங்களை உள்ளே இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். மண்டப ஊழியர் ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

திவ்யா கூறைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கையில் ஒரு தட்டு. மேலே மணமக்களுக்கென்று ஏழு மணிக்கே எடுத்து வைத்தது. நான்கு இட்லி, ஆறிப்போன வடை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. கண் மை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சாப்பிடுங்க."

"நீ சாப்டியா?"

"இல்ல."

இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடத் தொடங்கினார்கள். திவ்யா வேகமாகச் சாப்பிட்டாள், சண்டை போடுகிற மாதிரி.

"இன்னும் கோவமா?" என்று சந்திரமதி கேட்டாள்.

"ஆமா. ஒரு வாரத்துக்கு இருக்கும்."

"சரி."

"உங்ககிட்ட மட்டும் இல்ல. அப்பாகிட்ட, அத்தைகிட்ட, எல்லார்கிட்டயும். மேடையில யார் நிக்கணும்னு நானும் வாயத் திறந்து கேட்டிருக்கணும்ல? அதுக்கும் சேத்துத்தான்."

சந்திரமதி ஒரு துண்டு இட்லியை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"அக்கா, டைம் ஆச்சு. டேபிள் எடுக்கணும்" என்றார் மண்டப ஊழியர்.

"ரெண்டு நிமிஷம்பா."

"ஏழே முக்கால்னு நீங்கதானே சைன் பண்ணீங்க."

சந்திரமதி எழுந்தாள். திவ்யா தட்டைத் தூக்கிக்கொண்டாள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் கல்யாணப் பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்கு வழி விட்டு, இருவரும் சுவரோரமாக நின்று, மிச்சமிருந்த வடையைப் பிட்டுத் தின்றார்கள்.